சரிவில் வாகனத்தை நிறுத்தி வைத்தல்

தெல்லிப்பழைப் பகுதி பெரும்பாலும் சமதரையே. இதனால் இங்கு வாகனம் ஓட்டப் பழகிய பலருக்குச் சரிவில் நிறுத்திப் பழக்கம் இல்லை. ஆனால் புதிதாகத் தார் போட்ட வீதி உயர்ந்திருக்க, உங்கள் வளவு தாழ்ந்திருந்தால், படலையடியில் ஒரு சரிவு உண்டு. வீடு கட்டும் பொருட்கள் இறங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

பட்டா வாகனம் ஒன்று 15 பை சீமெந்துடன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பை ஒன்று 50 கிலோ. மொத்தம் 750 கிலோ. முன்பக்கம் வீதியை நோக்க, பின்பக்கம் வளவுக்குள் சரிந்து நிற்கிறது. பத்து அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில், நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாகனத்தைக் கீழே தள்ளும். அதாவது சீமெந்து மட்டுமே 75 கிலோ அளவுக்குக் கூடுதலாகத் தள்ளுகிறது. வெறும் வாகனத்தைப் பிடித்து வைத்திருந்த ஹான்ட் பிறேக் இப்போது வழுக்கலாம். பை இறக்குபவர் நிற்பதோ பின்னால்.

ஆகவே சாரதி கால் பிறேக்கை மிதித்தபடியே ஹான்ட் பிறேக்கை முழுதாக இழுக்க வேண்டும். பின்னர் கியர் போடாமல் காலை மெல்லத் தளர்த்திப் பார்க்க வேண்டும். வாகனம் அசைந்தால் அந்த ஹான்ட் பிறேக்கை நம்பக்கூடாது. சமதரைக்குக் கொண்டுபோய் இறக்குங்கள். அசையாவிட்டால் மீண்டும் மிதித்து, இயந்திரத்தை நிறுத்தி, கியர் போடுங்கள். முன்பக்கம் மேட்டை நோக்கினால் முதலாம் கியர், பள்ளத்தை நோக்கினால் ரிவேர்ஸ். ஓட்டோமட்டிக் வாகனமானால் ஹான்ட் பிறேக் பிடித்த பிறகே P நிலை. கடைசியாக, பின் சில்லுகளின் கீழ்ப்புறம் கல் அல்லது மரக்கட்டை வையுங்கள். வைப்பவர் பக்கவாட்டில் நிற்கட்டும். அதுவரை சாரதி பிறேக்கிலிருந்து காலை எடுக்கக் கூடாது.

சில்லைத் திருப்பி வைப்பது, பிறேக் விட்டாலும் வாகனம் எந்தப் பக்கம் போகும் என்பதை முன்பே தீர்மானிப்பதற்காக. கண்டி, ஹட்டன் பக்கம் போகிறவர்களுக்கு இது அவசியம். நாம் வீதியின் இடப்புறத்தில் நிறுத்துகிறோம். இறக்கத்தை நோக்கி நிறுத்தினால் முன் சில்லுகளை இடப்பக்கம், ஓரத்தை நோக்கித் திருப்புங்கள். ஏற்றத்தை நோக்கி நிறுத்தும்போது நடைபாதையின் விளிம்புக்கல் இருந்தால் வலப்பக்கம் திருப்புங்கள். வாகனம் பின்னால் உருண்டால் இடது முன் சில்லின் பின்புறம் கல்லில் முட்டி நிற்கும். விளிம்புக்கல் இல்லாவிட்டால் ஏற்றத்திலும் இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது உருண்டாலும் வாகனம் வீதிக்குக் குறுக்கே போகாமல் ஓரத்துக்குப் போகும். ஆனால் அந்த ஓரத்தில் பள்ளத்தாக்கோ ஆழமான கானோ இருந்தால் அங்கே நிறுத்தவே வேண்டாம். நின்றுவிட்ட பிறகு ஸ்டியரிங்கை வலிந்து திருப்பினால் டயர் தேயும்; நிற்கப்போகும் கடைசி முழத்திலேயே திருப்பிவிடுங்கள்.

ஹான்ட் பிறேக்கை ஊரிலேயே சோதிக்கலாம். முன்னால் ஆள் இல்லாத சமதரையில் அதை இழுத்து, முதலாம் கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். இயந்திரம் திணறி நின்றால் பிறேக் பிடிக்கிறது. வாகனம் நகர்ந்தால் கேபிள் தளர்ந்திருக்கலாம் அல்லது பிறேக் தேய்ந்திருக்கலாம்; பயணத்துக்கு முன் கராஜில் காட்டுங்கள்.