சிக்னலில் நிற்கிறது, ஷெட்டில் ஓடுகிறது

கேள்வி: காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைத் தொழில் செய்கிறேன். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு என் பெட்ரோல் வேனில் பாவும் ஜரிகையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நெய்த சேலைகளை வாங்கி வருவேன். கொஞ்ச நாளாக வண்டி சிக்னலில் நிற்கும்போது திடீரென்று ஆஃப் ஆகிறது. வழக்கமாக விடும் ஷெட்டில் மூன்று முறை வேலை பார்த்தார்கள், சரியாகவில்லை. அங்கே கொண்டுபோனால் மட்டும் நன்றாக ஓடுகிறது! "நல்லாத்தானே இருக்கு" என்கிறார் உரிமையாளர். முதல் தடவை பில்லும் தரவில்லை. அவருக்குக் கடிதம் எழுதலாமா? எப்படி எழுதுவது? பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியுமா?

பதில்: எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆணையத்துக்குப் போகுமுன் எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 சொல்லவில்லை. ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறில் அந்தக் கடிதம்தான் பிற்பாடு முக்கியமான சான்றாகிறது. சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது, எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உடைந்த கண்ணாடியை நேரில் காட்டிவிடலாம். மூங்கில் மண்டபம் சிக்னலில் மட்டும் ஆஃப் ஆகும் இன்ஜினை யாரிடம் காட்டுவது? நடந்ததை நடந்தபோதே எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரும்பாலானவர்கள் அனுப்பும் கடிதம் இரண்டே வரியில் முடிந்துவிடும்: "உங்கள் வேலை சரியில்லை, என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்." கோபம் நியாயம்தான், ஆனால் அதில் ஆணையம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இன்னொரு வகையினர் யூடியூப் பார்த்துவிட்டு "சென்சார் போய்விட்டது, நீங்கள் கவனிக்கவில்லை" என்று தாங்களே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பிறகு கோளாறு வேறிடத்தில் என்று தெரிந்தால் கடிதம் மொத்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் மட்டும் எழுதினால் போதும்; காரணம் கண்டுபிடிப்பது ஷெட்காரரின் வேலை.

எதை எழுதுவது என்பதற்கு வண்டியின் இயல்பே வழிகாட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் திராட்டில் கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. மிகக் குறுகிய வழியில் போகும் காற்றை வைத்துத்தான் இன்ஜின் ஐட்லிங்கில் ஓடுகிறது. அந்த வழியில் கரி படிந்திருந்தாலோ, குழாய் விரிசலில் கணக்கில் வராத காற்று புகுந்தாலோ ஐட்லிங் தடுமாறும். அதோடு ஏசி கம்ப்ரஸரும் சேர்ந்து இழுத்தால் இன்ஜின் மூச்சடைத்து நிற்கும். இப்படி நிற்கும் வண்டி பெரும்பாலும் செல்ஃப் அடித்து லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் உடனே கிளம்பிவிடும். கிராங்க்ஷாஃப்ட் சென்சார் சூட்டில் செயலிழக்கும் வண்டியின் கதை வேறு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஆஃப் ஆகும். பல நேரம் இன்ஜின் ஆறும்வரை கிளம்பாது. ஆகவே "உடனே ஸ்டார்ட் ஆனது" என்ற மூன்று சொற்கள் கடிதத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. கிளம்பி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு நின்றது, ஏசி ஓடியதா, நிற்குமுன் இன்ஜின் நடுங்கியதா, பெட்ரோல் நிரப்பிய கையோடு நடந்ததா என்பவையும் அப்படித்தான்.

ஷெட்டில் நன்றாக ஓடுவதன் புதிரும் இங்கேதான் விடுபடுகிறது. காலையில் விட்ட வண்டியை மெக்கானிக் மதியம் எடுத்துப் பார்க்கும்போது இன்ஜின் ஆறியிருக்கும், ஏசி ஓடாது. கோளாறு வரும் சூழ்நிலையே அங்கு இல்லை.

அடுத்தது, இதுவரை பார்த்த வேலைகள். இதில் வரிசை முக்கியம். கேள்வி கேட்டவர் இணைத்திருக்கும் விவரப்படி முதலில் திராட்டில் பாடியைக் கழுவி நான்கு பிளக்கும் மாற்றியிருக்கிறார்கள், அடுத்து பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள், கடைசியில் ஸ்கேனர் போட்டு "கோடு எதுவும் இல்லை" என்றிருக்கிறார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் சேமித்து வைத்த பிழைக் குறிகளும், அது பழகி வைத்திருந்த ஐட்லிங் அளவுகளும் அழிந்துவிடும். பேட்டரியை மாற்றிவிட்டு ஸ்கேனர் போட்டால் கோடு இல்லாததில் வியப்பில்லை. P0506 என்று வந்திருந்தால் ஐட்லிங் வேகம் குறைவு என்றும், P0335 என்று வந்திருந்தால் கிராங்க்ஷாஃப்ட் சென்சார் பக்கம் பார் என்றும் ஒரு துப்பு கிடைத்திருக்கும். மின்னணு திராட்டில் உள்ள வண்டிகள் பலவற்றில் கழுவிய பிறகு ஐட்லிங்கை மறுபடி பழக்க வேண்டும். அதைச் செய்தார்களா என்று கடிதத்தில் கேட்பது குற்றச்சாட்டு ஆகாது, ஆனால் பதில் சொல்லியே தீர வேண்டிய கேள்வி அது.

ஒன்றை மறைக்கக் கூடாது. நடுவில் ஒரு எலக்ட்ரீஷியன் மியூசிக் சிஸ்டம் பொருத்தினார் என்று இவர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அதுவும் கடிதத்தில் இடம்பெற வேண்டும். எதிர்தரப்பு குறுக்கு விசாரணையில் அதைக் கிளறி எடுத்தால் மற்ற உண்மைகளும் சேர்ந்து நிறமிழக்கும்.

கடிதம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம். பல வருடம் "அண்ணே" என்று கூப்பிட்டவருக்கு வக்கீல் பாஷையில் எழுத வேண்டியதில்லை.

"மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, வணக்கம். என் வேன் (பதிவு எண், இன்றைய கிலோமீட்டர்) சிக்னலில் ஆஃப் ஆவது பற்றி எழுதுகிறேன். கிளம்பி இருபது நிமிடமாவது ஓடிய பிறகுதான் இது நடக்கிறது. காலையில் முதல் சில கிலோமீட்டரில் ஒருமுறையும் நடந்ததில்லை. பெங்களூரு ஹைவேயில் ஓடும்போதும் நடந்ததில்லை. பிரேக் போட்டு, கிளட்சை மிதித்து, நியூட்ரலுக்கு வந்த சில வினாடிகளில் இன்ஜின் ஒரு நடுக்கம் நடுங்கி நிற்கிறது. பெரும்பாலும் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. மார்ச் 4 மாலை ஆறரை மணி சுமாருக்கு மூங்கில் மண்டபம் சிக்னலில் அடுத்தடுத்து இருமுறை நின்றது, பின்னால் பஸ். என் மகன் எடுத்த வீடியோ இருக்கிறது.

நீங்கள் முதலில் திராட்டில் பாடி கழுவி பிளக் மாற்றினீர்கள். இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி வந்தது. பிறகு பேட்டரி மாற்றினீர்கள், பலனில்லை. மூன்றாம் முறை ஸ்கேனர் போட்டுப் பார்த்தீர்கள். இடையில் வெளியாள் ஒருவர் மியூசிக் சிஸ்டம் பொருத்தினார். வேறு யாரும் இன்ஜினைத் தொடவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். நான் உடனிருக்கும்போது, வண்டியைச் சூடாகும்வரை ஓட்டி, ஏசி போட்டு ஐட்லிங்கில் வைத்துப் பாருங்கள். காற்றுக் கசிவு உண்டா என்று சோதியுங்கள். ஸ்கேனரில் வந்ததை, ஒன்றுமே வராவிட்டாலும், எழுதிக் கொடுங்கள். இனி எந்தப் பாகத்தை மாற்றினாலும் முன்கூட்டி என்னிடம் கேளுங்கள், பழைய பாகத்தைத் திருப்பித் தாருங்கள். மூன்று வேலைக்கும் தேதியிட்ட பில் வேண்டும். பதினைந்து நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்."

இதன் ஒரு நகலில் ஷெட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அவர் தயங்கினால், சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும்படி தபாலில் அனுப்பலாம். வாட்ஸ்அப்பிலும் அனுப்பி அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இனி சட்டம். மூன்று முறை பார்த்தும் சரியாகவில்லை என்பதே குறைபாடு ஆகிவிடாது. மெக்கானிக் நோயைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று உத்தரவாதம் கொடுத்தவரல்ல. முறையான கவனத்தோடு வேலை செய்ய வேண்டியவர். செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது, சோதிக்காமலே பாகம் மாற்றியது, வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்தது ஆகியவை 2(11)-ஆம் பிரிவின் வரையறைக்குள் வரக்கூடியவை. மேலே உள்ள கடிதத்துக்கு ஷெட்காரர் சரியான பதில் தந்தால் இவருடைய வழக்கு பலவீனமாகும், வண்டி சரியாகும். பதிலே வராவிட்டால் வழக்கு கொஞ்சம் வலுக்கும்.

வேன் தொழிலுக்கு ஓடுகிறது என்பதால் இவர் நுகர்வோரே இல்லை என்று எதிர்தரப்பு வாதிடும். அநேகமாக முதல் ஆட்சேபமே அதுதான். சுயதொழிலில் பிழைப்பு நடத்துவதற்கென்றே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்பது சட்டத்தின் விளக்கம். கோவை பி.எஸ்.ஜி. தொழிற்கூட நிறுவனத்தின் மீது லட்சுமி இன்ஜினியரிங் தொடுத்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவர் நுகர்வோர், ஓரிரண்டு பேரின் உதவியை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆனால் அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் தோற்றுப்போனது, ஏனென்றால் அது பெரிய அளவில் தொழில் நடத்திய நிறுவனம். இவர் வேனைத் தானே ஓட்டுகிறார், தறிக்காரர்கள் அவரவர் வீட்டில் நெய்கிறார்கள். இதைப் புகாரின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்து நாலைந்து வண்டி ஓட்டும் பெரிய பட்டு வியாபாரிக்கு இந்த வாதம் எளிதில் கைகொடுக்காது.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், வேறொரு ஷெட்டில் கொடுத்து உடனே பிரித்துவிடக் கூடாது. பிரித்த பிறகு யார் கைபட்டு என்ன ஆனது என்று சொல்ல முடியாது. முதலில் சோதனை மட்டும் செய்யச் சொல்லி எழுத்தில் அறிக்கை வாங்கலாம். ஆணையத்திலும் சுதந்திரமான நிபுணரை வைத்துப் பார்க்கும்படி மனு போடலாம். இன்ஜின் சத்தம் பற்றிய ஃபியட் இந்தியா வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றமே, சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணர் உற்பத்திக் குறை இருப்பதாகச் சொன்னால் காரின் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்றுதான் உத்தரவிட்டது. ஷெட் பில் தகராறில் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. வீணான பேட்டரியின் விலை, வேலைக்கூலி, நியாயமான இழப்பீடு, செலவுத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம்.

இவர் வசிக்கும் இடத்துக்கு உரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கலாக வேண்டும். அதற்குமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசியும் பார்க்கலாம்.

பில் தராத முதல் வேலையைப் பற்றி இவர் அதிகம் கவலைப்பட வேண்டாம். விதிப்படி தர வேண்டிய பில்லைத் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2(47)-ஆம் பிரிவு சொல்கிறது. ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், ஷெட்காரர் தேதி போட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டும், "வண்டி ரெடி, வந்து எடுத்துக்கோங்க" என்று அவர் அனுப்பிய செய்தியும் சேர்ந்தாலே வேலை நடந்ததைக் காட்டப் போதும்.