பணம் தராதவரெல்லாம் மோசடிக்காரரா?

சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடாதவர்மீது 420 போட்டு உள்ளே தள்ளிவிடலாம் என்னும் நம்பிக்கை, பழைய தண்டனைச் சட்டம் விடைபெற்று, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு அந்த ஸ்தானத்தில் அமர்ந்த பின்னரும், கடைவீதிகளில் சற்றும் தளரவில்லை. போதாக்குறைக்கு, நம்பிக்கை மோசடிக்குரிய 406-ஐயும் சேர்த்து எழுதினால் ஏதாவது ஒன்று நிற்கும் என்று யோசனை சொல்வோரும் இருக்கிறார்கள்.

டில்லி ரேஸ் கிளப்புக்குக் குதிரைத் தீவனமாகத் தானியமும் ஓட்ஸும் விற்ற ஒரு வியாபாரி, 9 லட்சம் ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கிறதென்று கிரிமினல் புகார் கொடுக்க, மாஜிஸ்திரேட்டும் நம்பிக்கை மோசடிக்குச் சம்மன் அனுப்பிவிட்டார். 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்துசெய்தது. விற்ற சரக்கின் சொத்துரிமை வாங்கியவரையே சேர்ந்துவிடுவதால், தம்முடையதாகிவிட்ட ஓட்ஸை அவர் தம் குதிரைகளுக்குப் போட்டதில் அபகரிப்பு ஏது? எஞ்சியிருப்பது விலைப்பாக்கி, அது சிவில் கோர்ட்டுக்குரிய கடன்.

அதே மூட்டைகளை விற்றுத் தரும்படி ஒரு கமிஷன் ஏஜென்டிடம் ஒப்படைத்து, அவர் விற்ற பணத்தைத் தம் வீட்டுக் கட்டடச் செலவுக்கு எடுத்துக்கொண்டிருந்தால் கதை வேறு. சரக்கும் கிரயமும் உரியவருடையவை. ஏஜென்டின் கையில் அவை ஒப்படைக்கப்பட்ட பொருள்கள். வாங்கியபோது யோக்கியமாகவே இருந்தவர் பின்னால் கெட்டெண்ணம் கொண்டாலும், அந்தக் கணத்தில் நம்பிக்கை மோசடி ஆரம்பமாகிறது.

ஏமாற்றுதலோ முதற்கணத்திலேயே பிறந்தாக வேண்டும். இல்லாத பாங்க் கியாரண்டியைக் காட்டி ஒருவர் மூட்டைகளை இறக்கிக்கொண்டால், சரக்கு கைமாறுமுன்பே வஞ்சக எண்ணம் இருந்ததென்று அந்தப் போலிக் காகிதமே சாட்சி சொல்லும். பிற்பாடு பணம் தரவில்லை என்பது மட்டும் அதற்குச் சாட்சியாகாது. பல மாதம் ஒழுங்காகப் பட்டுவாடா செய்து பிறகு நொடித்தவர்மீது இக்குற்றத்தை ஸ்தாபிப்பது கஷ்டம். ஏமாற்றுபவர் பொய்யினால் பொருளைப் பெறுகிறவர். நம்பிக்கை மோசடிக்காரரோ நியாயமாகப் பெற்றதைப் பின்னர் விழுங்குகிறவர். ஆகையால் ஒரே பொருள்மீது ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கமாட்டா. இரண்டையும் எழுதுவது பலம் என்பார்கள். எனக்கோ அது புகார் கொடுப்பவரின் குழப்பத்தைத் தானே ஒப்புக்கொள்ளும் வாக்குமூலமாகவே படுகிறது.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் குற்றவழக்கே வராது என்னும் எதிர்நம்பிக்கையும் பிசகுதான். மேற்சொன்ன போலிக் கியாரண்டி ஓர் ஒப்பந்தத்தோடேயே இணைக்கப்பட்டிருக்கலாம்.

ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கும் வியாபாரி கவனிக்கத் தவறுவது வேறொன்று: விலைப்பாக்கிக்கு சிவில் வழக்குப் போடும் காலவரம்பு 3 ஆண்டு, கடன் தவணை குறித்திருந்தால் அது முடிந்த நாளிலிருந்தும், இல்லையேல் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும் ஓடத் தொடங்கும் அந்தக் காலம், போலீஸில் புகார் கொடுத்ததனால் மட்டும் நின்றுவிடுவதில்லை.