கல்லாவில் குறையும் பணம் எங்கே போகிறது?

கேள்வி: திருத்தணியில் மலையடிவாரத்தில் சைவ ஓட்டல் நடத்துகிறேன். கிருத்திகை நாட்களில் ஆந்திரப் பக்கத்திலிருந்து வரும் பக்தர்கள் சிலர், டிப்ஸையும் சேர்த்தே கார்டில் போடச் சொல்கிறார்கள். அதைக் கேஷியர் அன்றிரவே சர்வர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். ஆனால் கல்லாவில் சில நூறு ரூபாய் குறைகிறது. வங்கிக்கு வரும் கார்டு பணமும் பில்லோடு ஒத்துப்போவதில்லை. கேஷியர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கார்டில் வந்த டிப்ஸ் உங்கள் வங்கிக் கணக்குக்குப் போகிறது. சர்வர்களுக்குப் போனதோ கல்லாப் பணம். அதற்குச் சீட்டு எழுதாவிட்டால் அத்தனையும் குறைவாகத்தான் தெரியும்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மொத்த பில் ரூ.42,000. இதில் விற்பனை 40,000, வரி 2,000. பணம் வந்த வழி: கார்டு 10,000, யுபிஐ 14,000, ரொக்கம் 18,000. காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் வைத்தது 2,000. பால், காய்கறிக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது 3,000. இரவு 17,000 இருக்க வேண்டும். எண்ணினால் 16,350. குறைவு 650.

இப்போது கார்டு மெஷினின் அன்றைய மொத்தச் சீட்டைப் பாருங்கள்: 10,500. பில்லைவிட அதிகமுள்ள 500 டிப்ஸ். அது உங்கள் வருமானம் அல்ல. விற்பனையில் சேர்க்காமல் 'ஊழியர்களுக்குத் தர வேண்டிய டிப்ஸ்' என்று தனிக் கணக்கில் வரவு வையுங்கள். கல்லாவிலிருந்து கொடுத்ததும் சர்வர்களிடம் கையெழுத்து வாங்கி அங்கேயே கழித்துவிடுங்கள். ஆக, உண்மையான குறைவு 150 மட்டுமே. அதை 'ரொக்கக் குறைவு, மிகை' என்ற தலைப்பில் அன்றே எழுதுங்கள். பணம் அதிகமாக இருந்தாலும் எழுத வேண்டும். இல்லையென்றால் இன்றைய மிகையை வைத்து நாளைய குறைவை மறைக்க வழி கிடைத்துவிடும்.

அடுத்து வங்கி. 10,500 முழுதாக வராது. கட்டணம் இரண்டு சதவீதம் என்றால் 210 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால் 37.80. மறுநாள் வருவது 10,252.20. வந்த தொகையை விற்பனையாக எழுதினால் விற்பனை தவறாகத் தெரியும். முழுத் தொகையையும் 'வர வேண்டிய கார்டு பணம்' என்று எழுதிவைத்து, பணம் வந்ததும் 247.80-ஐச் செலவில் காட்டுங்கள். ஐந்து சதவீத வரி கட்டும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதால் அந்த 37.80-ஐத் திரும்பப் பெற முடியாது.

ஆடிக் கிருத்திகை போன்ற நாட்களில் இரவு நெடுநேரம் வியாபாரம் நடக்கும். மெஷினில் அன்றைய கணக்கை முடித்த பிறகு போட்ட கார்டு, மறுநாள் தொகையில்தான் சேரும். எனவே தேதியை வைத்து ஒப்பிடாமல், மெஷின் சீட்டையும் வங்கி வரவையும் ஒன்றுக்கு ஒன்று சரிபாருங்கள்.

இதற்குப் பிறகும் ஒரே ஷிப்டில் தொடர்ந்து பணம் குறைந்தால் மட்டும் கேஷியரிடம் விளக்கம் கேளுங்கள். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்பது தெளிவாகி, பதில் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்த பிறகே சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. கல்லாவை ஒரே ஷிப்டில் இரண்டு பேர் தொட்டிருந்தால் அதை நிரூபிக்கவே முடியாது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் எண்ணி, இருவரும் கையெழுத்திடட்டும்.