மின் ஸ்கூட்டரைக் கழுவும் முறை
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கொட்டும் மழையில் பழுதின்றி ஓடும் மின் ஸ்கூட்டர், வாட்டர் சர்வீஸ் முடிந்த சில நாட்களில் நின்றுவிடுவதுண்டு. மழையும் நீர், கழுவுவதும் நீர். அப்படியிருக்க இந்த வேறுபாடு எதனால் வருகிறது? நாம் வகுப்பில் படித்த வாயு விதியைக் கொண்டே இதற்கு விடை காணலாம்.

மின் ஸ்கூட்டரின் மூளை எனத் தக்கது கண்ட்ரோலர். பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மோட்டாருக்கு வேண்டிய மும்முனை மின்னோட்டமாக மாற்றுவது இப்பெட்டியே. இதன் மீது ஐ.பி.67 என்று குறித்திருந்தால், தண்ணீர் எதுவும் செய்யாது என்று பலர் எண்ணுகின்றனர். அக்குறியீட்டின் இறுதி எண்ணாகிய 7, அசையாத நீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் வைத்துச் சோதித்ததை மட்டுமே குறிக்கும். பீய்ச்சி அடிக்கும் நீருக்கான சோதனைகள் வேறு. அவற்றின் எண்களும் வேறு. ஆகவே, சர்வீஸ் நிலையத்துக் குழல் துப்பாக்கியின் வேகத்திற்கு இந்த எண் உறுதி தருவதில்லை.

இரண்டாவது காரணம் வெப்பம். வெயிலில் ஓடி வந்த வண்டியின் கண்ட்ரோலருக்குள் இருக்கும் காற்று 60 பாகை செல்சியஸ், அதாவது 333 கெல்வின் வெப்பநிலையில் இருப்பதாகக் கொள்வோம். குளிர்ந்த நீர் பட்டு அது 30 பாகைக்கு, அதாவது 303 கெல்வினுக்கு இறங்குகிறது. பெட்டி முழுவதும் அடைபட்டிருப்பின் கனஅளவு மாறாது. அழுத்தம் 303/333 மடங்காகக் குறையும். இக்குறைவு ஏறத்தாழ 9 விழுக்காடு. வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் நீர்த்தம்பத்திற்குச் சமமாதலால், இக்குறைவு 93 சென்டிமீட்டர் நீரின் அழுத்தமாகும். சூடான பெட்டியின் மேல் நீரை ஊற்றுவது, அதை ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில் அமிழ்த்துவதற்கு ஒப்பாகும் என்பது இதனால் விளங்கும். புதிய ரப்பர் வளையம் இதைத் தாங்கும். வெயிலில் காய்ந்து வெடித்த வளையமோ ஈரத்தை உள்ளே உறிஞ்ச விட்டுவிடும். சில பெட்டிகளில் காற்று சென்று வரச் சிறு மூச்சுத்துளி உண்டு. சேறு அதை அடைத்துவிட்டால் பயனில்லை.

எங்கள் தெருவில் பால் ஊற்றும் அண்ணன் ஒருவரின் வண்டிக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். காலை வேலை முடித்துச் சூட்டோடு வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டார். சார்ஜிங் துளையின் மூடி சரியாகப் பொருந்தவில்லை. துளைக்குள் தங்கிய ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர் காயுமுன்னே அன்று மாலை சார்ஜ் போட்டார். ஒரு வாரத்தில் பிளக் கைபட முடியாதபடி சுட்டது. திறந்து பார்த்தபோது பின்னில் பச்சை நிறப் படிவு இருந்தது. உப்பு நீரும் நேர்மின்னழுத்தமும் சேர்ந்தால் மின்னாற்பகுப்பு நடந்து, நேர்முனைச் செம்பு அரிக்கப்படும். அரித்த இடத்தில் மின்தடை 0.1 ஓம் எனவும், சார்ஜ் மின்னோட்டம் 10 ஆம்பியர் எனவும் கொண்டால், அங்கு எழும் வெப்பம் 10 × 10 × 0.1, அதாவது 10 வாட். சிறு பின்னில் இது பிளாஸ்டிக்கை இளக்கப் போதும். பழுது பார்க்கும் வரை அவர் இரண்டு வாரம் வாடகை சைக்கிளில் பால் ஊற்றினார்.

இனிக் கழுவும் முறையைக் காண்போம். வண்டி நின்றபின், அல்லது சார்ஜ் முடிந்தபின், நிழலில் அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சார்ஜரைக் கழற்றி, சாவியை அணைத்து, சீட்டின் அடியில் எம்.சி.பி. இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். சார்ஜிங் துளையின் மூடியை அழுத்தி மூட வேண்டும். பின்னர் ஒரு வாளி நீர், சிறிது ஷாம்பு, ஸ்பாஞ்சு இவையே போதும். மேலிருந்து கீழாக மெதுவாக நீர் விடலாம். கால் வைக்கும் பலகையின் அடிப்புறம், கனெக்டர்கள், பின்சக்கர மோட்டாருக்குள் ஒயர் நுழையும் இடம் ஆகியவற்றை ஈரத்துணியால் மட்டும் துடைக்க வேண்டும். ஒயர் வழியே நீர் வழிந்து உள்ளே செல்லும் என்பதை மறத்தலாகாது.

கழுவியபின் உலர்ந்த துணியால் துடைத்து, சீட்டைத் திறந்து இரண்டு மணி நேரம் காற்றாட விடவேண்டும். டார்ச் அடித்து, சார்ஜிங் துளையில் ஒரு துளி நீரும் இல்லை என்று கண்ட பின்னரே சார்ஜ் போட வேண்டும்.

பின்னில் பச்சைப் படிவு, பிளக்கில் சூடு, ஆக்சிலரேட்டரைத் திருகும்போது விட்டுவிட்டு இழுத்தல், எம்.சி.பி. அடிக்கடி விழுதல் ஆகியவை நீர் புகுந்ததற்கான அறிகுறிகளாகலாம். இவற்றுள் ஒன்று தோன்றினாலும் சார்ஜ் போடாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். கண்ட்ரோலரை நாமே திறத்தல் கூடாது. பேட்டரியைத் துண்டித்த பின்னும் அதிலுள்ள மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும்.