மூன்று நாள் விடுப்பா, பள்ளிக் கடமையா?

கேள்வி: பகாவ் அருகே தோட்டத்திலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகிறேன், நான்காம் படிவம். மாவட்ட அளவிலான 800 மீட்டர் ஓட்டத்திற்குத் தேர்வாகியுள்ளேன். போட்டி மூன்று நாள். முதல்வரிடம் எப்படிக் கேட்பது?

பதில்: தங்கச்சி, நீ கேட்பது விடுப்பு அல்ல. பள்ளியின் பிரதிநிதியாகப் போகிறாய். வருகைப் பதிவில் அது காரணமில்லாத வராமையாக விழக்கூடாது. கடிதத்தின் முதல் வரியிலேயே இதைச் சொல்.

மலாயில், ஒரே பக்கத்தில் எழுது. உன் வகுப்பு, போட்டியின் பெயர், இடம், தேதிகள், உன்னுடன் வரும் ஆசிரியர் பெயர் இருந்தால் போதும். போட்டி அழைப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, விளையாட்டு ஆசிரியர் கையொப்பத்தோடு கொடு. அவர் வழியாகப் போகும் கடிதத்தை முதல்வர் மறுபடி விசாரிக்க வேண்டியிருக்காது.

மூன்று நாளையும் மொத்தமாகக் கேட்காதே. தகுதிச் சுற்று முதல் நாள், இறுதி மூன்றாம் நாள் என்றால், இடைநாளில் வகுப்புக்கு வருவதாக எழுது. அந்த நேர்மையே உனக்குப் பரிந்து பேசும். பயிற்சி நாள்களுக்கு இந்தக் கடிதம் செல்லாது. அவற்றைத் தனியாகக் கேள்.

பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையொப்பத்தை, அதைக் கொடுக்கும் நாளுக்கு முந்தின மாலையே வாங்கிவிடு. விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் அம்மாவைக் காலையில் பிடிக்க முடியாது.

அனுமதி கிடைத்ததும் நகலை வகுப்பாசிரியரிடம் கொடு. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான்: முதல்வர் சம்மதித்திருப்பார், பதிவு செய்பவருக்குத் தெரிந்திருக்காது. திரும்பியதும் வகுப்பாசிரியரிடம் உன் பதிவைப் பார்க்கச் சொல். எச்சரிக்கைக் கடிதம் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காதே.