ஒரே பதிலோடு இரண்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள்

மதுரை இலந்தைக்குளம் எல்காட் வளாகத்தில் ஹெச்.சி.எல். போன்ற பெரிய நிறுவனம் ஒருநாள், பத்துப் பேர் நடத்தும் ஸ்டார்ட்அப் மறுநாள் என நேர்காணல் வந்தால்:

1. “மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிக்கு ஒரு செயலி வேண்டும்” என்று மட்டும் ஸ்டார்ட்அப்பில் சொல்வார்கள். யார், எப்போது பயன்படுத்துவார் என்று கேளுங்கள். பிறகு நீங்களே முடிவெடுத்து, “முதலில் விடிகாலை விலையைக் காட்டுவேன், பில் போடுவது அப்புறம்” எனச் சொல்லுங்கள். முழு விவரத்துக்காகக் காத்திருப்பவரால் அங்கே வேலை நின்றுவிடும்.

2. பெரிய நிறுவனத்தில் அதே கேள்விக்கு, தேவையை எழுதி ஒப்புதல் வாங்குவதில் தொடங்கி கோடு ரிவியூ, டெஸ்டிங் வரை வரிசையாகச் சொல்லுங்கள். ஏனெனில் அங்கே உங்கள் ஒரு மாற்றம் பிற அணிகளையும் பாதிக்கும்.

3. கல்லூரி ப்ராஜெக்ட்டில் “நான்” செய்ததைத் தனியே சொல்லுங்கள். “நாங்கள்” என்றே பேசினால், பழுது வந்தால் பொறுப்பேற்பது யார் என்று ஸ்டார்ட்அப்காரர் துருவுவார்.