மாடி ஒழுகுகிறது: மூன்று கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

கிருஷ்ணன்கோவிலில் மாடி ஒழுகும் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒருவரிடமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவரிடமும் மதுரைக் கம்பெனி ஒன்றிடமும் விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் சதுர அடிக்கு 32 ரூபாய், 8 வருஷ கேரண்டி என்கிறார். இரண்டாம் ஆள் 45 ரூபாய், 5 வருஷம். கம்பெனி 130 ரூபாய், 10 வருஷம். விலை உதாரணத்துக்குச் சொன்னது, ஆனால் கொட்டேஷன்கள் வருவது இப்படித்தான். பார்த்த உடனே 32 ரூபாய்தான் மனதுக்குப் பிடிக்கும்.

செய்ய வேண்டியவை

யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து மாடியை நீங்களே அளந்து வையுங்கள். நம் உதாரண வீட்டில் கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம் 28க்கு 32 அடி. மொத்தம் 896 சதுர அடி. ஒரு மூலையில் மாடிப்படி அறை 10க்கு 12 அடியை அடைத்திருக்கிறது. அந்த 120 போனால் தரை 776 சதுர அடி. தரையில் பூசுவது சுவரோரத்தோடு நின்றுவிடக்கூடாது, சுவர் மேல் ஓர் அடியாவது ஏற வேண்டும். பாதி வீடுகளில் தண்ணீர் இறங்குவதே தரையும் சுவரும் சேரும் அந்த மூலை வழியாகத்தான். சுற்றளவு 120 அடி, அறை மூலையில் இருப்பதால் அது குறையாது. ஆக இன்னொரு 120. கணக்கு மறுபடி 896க்கே வந்து நிற்கிறது.

இப்போது 32 ரூபாய்க்காரரின் தாளைப் பாருங்கள். அவர் போட்டிருக்கும் பரப்பு 1,256 சதுர அடி. தரை 776, கைப்பிடிச் சுவரின் உள்பக்கமும் அறைச் சுவரும் மூன்றடி உயரத்துக்கு 360, மாடிப்படி அறையின் கூரை 120. மொத்தம் 40,192 ரூபாய். 45 ரூபாய்க்காரர் 896 சதுர அடிக்குத்தான் போட்டிருக்கிறார், 40,320 ரூபாய். இரண்டும் ஏறக்குறைய ஒரே தொகை!

இதை ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது. கைப்பிடிச் சுவரின் பூச்சு வெடித்திருந்தால் அதற்கும் பூச வேண்டியதுதான். ஆனால் இரண்டு பேரையும் அதே 896 சதுர அடிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஆளின் தொகை 28,672 ஆகும். மீதி 11,648 ரூபாய் வித்தியாசம் எதற்கு என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குப் பதில் வேலைமுறையில் இருக்கும். இரண்டும் அக்ரிலிக் பூச்சாகவே இருக்கலாம். ஒருவர் கழுவி, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டோடு முடிப்பார். மற்றவர் வெடிப்பைக் கீறி அடைத்து, சுவர் மூலையில் கலவை வைத்துச் சரிவாக உருட்டி, ஃபைபர் வலை பதித்து, மூன்று கோட் போடுவார். கொட்டேஷனில் "வாட்டர்ப்ரூஃபிங் வேலை" என்று ஒற்றை வரி இருந்தால் திருப்பிக் கொடுத்து, எந்தச் சரக்கு, எத்தனை கோட், மொத்தம் எத்தனை லிட்டர் என்று எழுதி வாங்குங்கள். லிட்டர் கணக்கு முக்கியம். டப்பாவில் இரண்டு கோட்டுக்குச் சேர்த்து லிட்டருக்கு 20 சதுர அடி என்று அச்சிட்டிருந்தால், 896 சதுர அடிக்கு 45 லிட்டர் வேண்டும். 20 லிட்டர் வாளி ஒன்றுதான் வந்து இறங்குகிறது என்றால் கோட் எண்ணிக்கை சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கம்பெனியின் 130 ரூபாய் வேறு வேலைக்கு. பழைய தட்டோட்டையும் கீழே உள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தையும் பெயர்த்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் போட்டு மேலே டைல்ஸ் பதிப்பது. இதைப் பூச்சு விலையோடு ஒப்பிடவே கூடாது. ஆனால் பரப்பைப் பாருங்கள்: சுவரின் வெளி அளவு பிடித்து 988 சதுர அடி போட்டிருக்கிறார்கள். தளம் போடப்போவது 776இல்தான். மீதி 212 சதுர அடி கைப்பிடிச் சுவருக்கும் மாடிப்படி அறைக்கும் அடியில் இருக்கிறது. 27,560 ரூபாய் அது. இடித்த கட்டுமானக் கழிவை இறக்கி அள்ளிப்போகும் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேளுங்கள்.

கேரண்டியில் வருஷத்தை விட்டுவிட்டு மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். தருவது சரக்குக் கம்பெனியா, வேலை செய்தவரா? சரக்குக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா? திரும்ப ஒழுகினால் அந்த இடத்தில் மட்டும் பூசுவார்களா, முழுதும் செய்வார்களா? சரக்குக்கு மட்டும் 10 வருஷம் என்றால், ஒழுகும்போது இரண்டு வாளி இலவசமாக வரும், கூலி உங்களுடையது. கட்டிட வெடிப்பு, தண்ணீர் தேங்குதல், சோலார் பேனலுக்கோ டிஷ் ஆன்டெனாவுக்கோ துளை போடுவது, இவற்றுக்கெல்லாம் கேரண்டி இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். தேங்கினால் செல்லாது என்றால், வாட்டத்தைச் சரிசெய்வதும் கொட்டேஷனில் இருந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், கூப்பிட்ட மறுநாள் பைக்கில் வந்து நிற்கிற உள்ளூர்க்காரரின் 5 வருஷம் பெரியது.

செய்யக்கூடாதவை

ஈரம் குடித்த தட்டோட்டுத் தளத்தின் மேல் பூச்சு அடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். பூச்சு சீக்கிரம் கெடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. மழை நின்று மூன்று நான்கு நாள் ஆன பிறகும் கீழே சொட்டுகிறதென்றால், தண்ணீர் இப்போது மேலிருந்து வரவில்லை. ஜல்லித் தளம் பஞ்சுபோலக் குடித்து வைத்திருந்ததை விடுகிறது. அதன்மேல் பூசினால் வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அங்கே பூச்சு நிற்காது. கம்பியால் ஓடுகளைத் தட்டிப் பாருங்கள், பரவலாக டொக்கென்று பொள்ளல் சத்தம் வந்தால் பெயர்ப்பதுதான் வழி. அப்படிப்பட்ட மாடிக்கு 32 ரூபாயும் தண்டம், 45 ரூபாயும் தண்டம்.

பெயர்க்கும் கூலியை மிச்சம் பிடிக்கப் பழைய தளத்தின் மேலேயே இன்னொரு தளம் போட வேண்டாம். மூன்று அங்குல ஜல்லித் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ. 776 சதுர அடிக்குப் பத்து டன் கூடுதல் பாரம். கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து துருக்கம்பி தெரிகிற வீடு என்றால் எந்தக் கொட்டேஷனையும் எடுக்காதீர்கள், முதலில் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கட்டும்.

சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைத்து அங்கே மட்டும் பூசச் சொல்லாதீர்கள். தண்ணீர் தளத்துக்குள் வாட்டத்தின் போக்கில் ஓடி, கான்கிரீட் எங்கே வெடித்திருக்கிறதோ அங்கே இறங்கும். தொட்டிக் குழாய், மழைநீர்க் குழாயின் வாய், சுவர் மூலை மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். மாடி ஏறாமல் போனிலேயே விலை சொல்கிறவரை விட்டுவிடலாம்.

புரட்டாசிக் கடைசியில் வேலையைத் தொடங்காதீர்கள். இந்தப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நல்ல வெயிலில் தளம் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரைதான் தோது. அப்போதும் உச்சி வெயிலில் பூச விடாதீர்கள், சூட்டில் பொரிந்து ஊசித்துளை விழும்.

தண்ணீர் கட்டிப் பார்க்காமல் முழுப் பணத்தைத் தராதீர்கள். பூச்சு நன்றாகக் காய்ந்தபின் மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் விட்டுக் கீழே பாருங்கள். இந்தச் சோதனையையும், பத்து சதவீதப் பணம் கார்த்திகை மழை கழிந்த பிறகு என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்று பேரில் யார் சம்மதிக்கிறார்கள் என்று பாருங்கள். வருஷக் கணக்கைவிட அதில் அதிகம் தெரியும்.